கம்பெனிகளிடம் கூடுதலாக வாங்கி, தனிநபர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா?

கேள்வி: கோவையில் 12 இருக்கைகள் கொண்ட சிறிய எக்செல் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். சனி, ஞாயிறு என மாதம் எட்டு நாள் தனிநபர் வகுப்பு. ஒருவருக்கு 6,000 ரூபாய். சராசரியாகப் பத்துப் பேர் வருகிறார்கள். மாதம் நான்கு நாள் கம்பெனிகளுக்குப் போய்ப் பயிற்சி தருகிறேன். நாளுக்கு 15,000 ரூபாய். படித்துவிட்டு வேலை தேடுபவர்களும், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்களும் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். கம்பெனிக் கட்டணத்தை 25,000 ஆக்கி, தனிநபர் கட்டணத்தை எல்லோருக்கும் 3,000 ஆகக் குறைக்கலாமா? இது நடைமுறையில் நிற்குமா? கம்பெனிகளுக்கு இது நியாயமா?

பதில்:

25,000 வாங்கலாம். எல்லோருக்கும் 3,000 என்பது நிற்காது. இரண்டுக்கும் காரணத்தை உங்கள் கணக்கிலிருந்தே காட்டுகிறேன். நானும் மதுரையில் பதினோரு ஆண்டுகள் கணக்குப் பதிவியல் பயிற்சிக்கூடம் நடத்தியவன். இதே ஆசையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

உங்கள் மாதச் செலவு எனக்குத் தெரியாது. உங்கள் அளவுள்ள கூடத்துக்குப் பொருந்தும் எண்களாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 20,000, உதவியாளர் சம்பளம் 16,000, மின்சாரம், இணையம், கணினிப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து 10,000. உங்கள் சொந்தச் சம்பளம் 50,000. இந்தக் கடைசி எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை. "மிச்சம் இருப்பதுதான் என் சம்பளம்" என்பார்கள். அப்படிச் சொல்பவர் சலுகை கொடுக்கும்போது, அந்தச் சலுகையைக் கம்பெனி தருகிறதா, தன் வீட்டு மளிகைப் பணம் தருகிறதா என்று அவருக்கே தெரியாது. ஆகவே அதையும் சேர்த்து மாதம் 96,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் எவ்வளவு தனிநபர் வகுப்பின் செலவு, எவ்வளவு கம்பெனி வேலையின் செலவு? வகுப்பறையில் நின்ற நாட்களைக் கொண்டு பிரித்தால் எட்டுக்கு நான்கு, அதாவது 64,000-க்கு 32,000. கம்பெனி நாள் ஒன்றுக்கு 8,000 தான் செலவு, 15,000 வருகிறது, ஏறக்குறைய பாதி லாபம் என்று தோன்றும். உங்கள் மனதில் இருப்பதும் இந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு மாதம் நாட்குறிப்பு எழுதிப் பாருங்கள். தனிநபர் வகுப்புக்கு எட்டு நாள் பாடம், கூட இரண்டு நாள் தயாரிப்பு, மொத்தம் பத்து. கம்பெனிப் பயிற்சியோ நான்கு நாள் பாடம்தான். அதற்கு முன்னால் ஹெச்.ஆர். அதிகாரியைச் சந்திக்கப் போன நாள், அவர்கள் தந்த கொள்முதல் பட்டியலை வைத்துப் பாடப்பயிற்சி தயாரித்த இரவுகள், அவர்களுடைய விற்பனையாளர் பட்டியலில் நம் பெயரைச் சேர்க்கப் பத்து ஆவணங்கள், பிறகு வருகைப் பதிவும் அறிக்கையும், கடைசியாகப் பில் பணம் எங்கே என்று கேட்கும் தொலைபேசி அழைப்புகள். எனக்கு நான்கு நாள் பாடத்துக்கு ஆறு நாள் இப்படிப் போனது; இதுவும் மொத்தம் பத்து. அதாவது இரண்டு பக்கமும் உங்கள் மாதத்தைச் சரிபாதியாகத் தின்கின்றன. எனவே செலவும் பாதி பாதி: ஒவ்வொன்றுக்கும் 48,000.

இப்போது படம் தலைகீழாகிறது. கம்பெனி நாள் ஒன்றின் உண்மையான செலவு 12,000. போக்குவரத்து, அச்சுப்பிரதி முதலியவற்றுக்கு நாளுக்கு 1,500 என்று சேர்த்தால் 13,500. நீங்கள் வாங்குவது 15,000. நான்கு நாளுக்கு மிஞ்சுவது 6,000 ரூபாய். ஏழைகளுக்குச் சலுகை தரக் கம்பெனிகளிடம் கூடுதலாக வாங்குவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். இன்று கம்பெனிகளிடமே ஏறத்தாழ அடக்க விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். தனிநபர் வகுப்புதான் தன் காலில் நன்றாக நிற்கிறது: பத்துப் பேர், 60,000 வரவு, 48,000 செலவு, பாடநூல் தேநீருக்குத் தலைக்கு 300, மிச்சம் 9,000.

இனி 25,000 என்று ஆக்கினால்? நான்கு நாளுக்கு ஒரு லட்சம். அதில் 6,000 நேரடிச் செலவு, மாதச் செலவில் கம்பெனி வேலையின் பங்கான 48,000 போக 46,000 மிஞ்சும். இந்த எண்ணைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பாதிக் கட்டணம் என்று அறிவிக்கத் தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். அந்த 48,000 நிலையான செலவு. கம்பெனி நாள் குறைந்தால் அதுவும் கூடவே குறையாது. நான்கு நாள் இரண்டு நாளானால் வரவு பாதியாகும்; உபரியோ முழுதாக மறைந்து, கையிலிருந்து 1,000 ரூபாய் போகும். மாதம் இரண்டு நாளுக்குச் சற்று மேலேதான் உங்கள் சமநிலைக் கோடு. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு நாளும் 23,500 ரூபாய் உபரி. கீழே போகும் ஒவ்வொரு நாளும் அதே அளவு பள்ளம்.

கம்பெனி நாட்கள் சீராக வருவதில்லை. என் அனுபவத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நிதியாண்டின் பயிற்சிப் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று அவர்களே கூப்பிடுவார்கள். ஏப்ரல் பிறந்ததும் புதிய பட்ஜெட் ஒப்புதலாகும் வரை தொலைபேசி அடிக்காது. ஜனவரி-மார்ச்சில் 12 நாள், ஏப்ரல்-ஜூனில் 6 நாள் என்று வையுங்கள். முதல் காலாண்டில் உபரி 1,38,000. இரண்டாவதில் 3,000 பற்றாக்குறை. ஆறு மாதத்துக்கும் பரப்பினால் மாதம் 22,500.

உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு தேவை? 12 பேரும் 3,000 கொடுத்து வந்தாலும் வரவு 36,000, செலவு 51,600. பள்ளம் 15,600. இப்போது வரும் 9,000 மிச்சமும் இல்லாமல் போகிறது. ஆக மாதம் 24,600 ரூபாய் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். சராசரி உபரி 22,500. ஏதும் தவறாமல், எந்தக் கம்பெனியும் பின்வாங்காமல், கணினி ஒன்றும் பழுதாகாமல் இருந்தாலே போதவில்லை. இன்னொன்றும் உண்டு. உங்களிடம் இன்று 6,000 கொடுத்துச் சேரும் பத்துப் பேரில் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள். அவர்களுக்கும் சேர்த்து யாரோ ஒரு பம்ப் தொழிற்சாலை பாதிப் பணம் கட்ட வேண்டிய காரணம் எனக்குப் புரியவில்லை.

கட்டணத்தைப் பொதுவாகக் குறைப்பதைவிட, குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மட்டும் குறையுங்கள். சலுகை இருக்கை ஒன்று உங்களுக்கு என்ன விலையாகிறது என்பது, சலுகை பெறுபவர் இல்லாவிட்டால் அங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்பதைப் பொறுத்தது. உங்கள் அறையில் 12 இருக்கைகள், வருவது பத்துப் பேர். காலியாகக் கிடக்கும் இரண்டில் ஒருவரை 2,500 ரூபாய்க்கு உட்கார வைத்தால் உங்களுக்கு 300 ரூபாய்தான் செலவு, 2,200 லாபம். இதற்கு எந்தக் கம்பெனியின் உதவியும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம். மூன்றாவது சலுகை இருக்கையிலிருந்துதான் உண்மையான விலை தொடங்குகிறது. அங்கே 6,000 கொடுக்கத் தயாராக இருந்த ஒருவரை அடுத்த வகுப்புக்குத் தள்ளுகிறீர்கள், இழப்பு 3,500.

வகுப்புக்கு ஐந்து சலுகை இருக்கை என்று வைப்போம். இரண்டு காலி இடத்திலிருந்து, மூன்று முழுக் கட்டண இடத்திலிருந்து. ஏழு பேர் 6,000, ஐந்து பேர் 2,500: வரவு 54,500. செலவு 51,600. மிச்சம் 2,900. முன்பு மிஞ்சியது 9,000. ஆகவே இந்த ஐந்து பேருக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது மாதம் 6,100 ரூபாய். 22,500-ல் இது கால் பங்குக்குச் சற்று மேல். மீதி மெலிந்த மாதங்களுக்கும், பழுதாகும் கணினிகளுக்கும். எல்லோருக்கும் 3,000 என்பதைவிட, திரும்பிப் போகும் ஆட்களுக்கு இதில் கிடைப்பது அதிகம். அவர்கள் 3,000-க்குப் பதில் 2,500 கட்டுகிறார்கள்.

ஏன் முழு இலவசம் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் இலவசமாக விட்ட இடங்களில் நான்காவது வாரத்துக்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். சிறு தொகையாவது கட்டியவர்கள் மழையிலும் வந்தார்கள். சலுகை இருக்கைக்கு விண்ணப்பம் வகுப்பு தொடங்க மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கடைசி நாளில் காலி இடத்தைக் குறைந்த விலைக்குத் தள்ளினால், அடுத்த முறை முழுக் கட்டணக்காரர்களும் கடைசி நாள் வரை காத்திருப்பார்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டே வகுப்பு போதுமானதாக இருந்தது.

கம்பெனிக்கு இது நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு பக்கத்தில் கூடுதலாக வாங்கி மறுபக்கத்தில் குறைப்பது நம் ஊரில் இரண்டு விதமாக நடக்கிறது. இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

ஒன்று மின்சாரம். தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் யூனிட்டுக்குக் கூடுதலாகக் கட்டுவதால் வீடுகளுக்குக் கட்டணம் குறைவாக இருக்கிறது. கம்பியில் வருவது அதே மின்சாரம்தான். அந்தக் கூடுதல் பணத்துக்கு மில் முதலாளிக்குத் தனியாக ஒன்றும் கிடைப்பதில்லை. என்ன செய்தார்கள்? கோவை வட்டாரத்து நூற்பாலைகள் பல, முப்பந்தலிலும் உடுமலைப் பக்கமும் சொந்தக் காற்றாலைகளை நிறுவின. வரிச் சலுகையும் ஒரு காரணம்தான். ஆனால் மின்கட்டணத்திலிருந்து தப்பிப்பது முக்கியமான காரணம். வெளியேறி வேறொருவரிடம் மின்சாரம் வாங்குபவர்களிடமிருந்து இழப்பை ஈடுகட்டவே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் தனியாக ஒரு கூடுதல் கட்டணம் வைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படிச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை. கம்பெனி வேறு பயிற்சியாளரிடம் போய்விடும், அவ்வளவுதான்.

மற்றொன்று அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது. பணம் கட்டுபவர்களின் வரவில்தான் கட்ட முடியாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் பணம் கட்டுபவர் ஏழையின் பங்கைத் தான் சுமப்பதாக நினைத்துக் கட்டுவதில்லை. அவருக்குத் தனி அறை கிடைக்கிறது, வசதி கிடைக்கிறது. அவர் கொடுப்பது அதற்கான விலை. மருத்துவர்கள் இரு பக்கமும் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். அங்கே வேறுபடுவது கட்டிலும் அறையும். கண்ணில் படும் கத்தி ஒன்றுதான். அதோடு அவர்கள் ஓர் அறுவைச் சிகிச்சையின் அடக்கச் செலவையே கீழே இறக்கினார்கள். 1992-ல் தொடங்கிய அரோலேப் மூலம் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தாங்களே செய்தார்கள். அடக்கம் குறையாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் பணம் கட்டினாலும் போதாது.

உங்கள் 25,000 இதில் எந்த வகை? அதே பாடத்தை அதே விதமாக நடத்தி விலையை மட்டும் ஏற்றினால் அது மின்கட்டண வகை. ஹெச்.ஆர். அதிகாரி கணக்குப் போடத் தெரிந்தவர். 15 பேருக்கு 25,000 என்றால் ஒருவருக்கு நாளுக்கு 1,667 ரூபாய். உங்கள் பலகையில் எட்டு நாளுக்கு 6,000 என்று எழுதியிருக்கிறது, நாளுக்கு 750. "ஏன் எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு?" என்று ஒருநாள் கேட்பார். அப்போது "வேலை தேடும் பெண்களுக்கு உதவுகிறேன்" என்று பதில் சொன்னால், அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆண்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்.

ஆகவே விலையை ஏற்றும் முன் பொருளை மாற்றுங்கள். நான் சொன்ன ஆறு நாள் வேலையை இன்று இலவசமாகத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதை விலைப் புள்ளியில் வெளிப்படையாக எழுதுங்கள்: பயிற்சிக்கு முன் ஊழியர்களுக்கு அரைமணி நேரத் தேர்வு; அவர்களுடைய சொந்த இருப்புப் பட்டியல், விற்பனைப் பட்டியலை வைத்தே பாடம்; அலுவலக நேரத்தில், அவர்கள் இடத்தில்; முடிந்து முப்பது நாள் கழித்து இரண்டு மணி நேரம் வந்து சந்தேகம் தீர்ப்பது; யார் எதைச் செய்யக் கற்றார் என்ற ஒரு பக்க அறிக்கை. ஒரு பம்ப் கம்பெனியின் கிடங்கு மேலாளர் மூன்று மணி நேரம் எடுத்த மாதாந்தர அறிக்கையை இருபது நிமிடத்தில் முடிக்க ஆரம்பித்தால், அவர்கள் 25,000-ஐப் பற்றிப் பேச மாட்டார்கள். விலையை எப்போதும் "நாளுக்கு, 15 பேர் வரை" என்று சொல்லுங்கள். தலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் ஆள் குறைந்த அன்று உங்கள் வரவும் குறையும், செலவு குறையாது.

பழைய கம்பெனிகளிடம் ஒரே தாவலில் 25,000 கேட்காதீர்கள். புதியவர்களுக்கு 25,000. பழையவர்களுக்கு வரும் ஏப்ரல் முதல் 20,000, அதற்கடுத்த ஆண்டு முழு விலை என்று ஜனவரியிலேயே கடிதம் கொடுங்கள். அவர்கள் பட்ஜெட் போடும் நேரம் அது. 20,000 விலையில் நான்கு நாளுக்கு உபரி 26,000. சலுகை இருக்கைகளுக்கு இதுவே போதும். ஒருவர் விலகினால் அதுவும் ஒரு தகவல்தான். உங்கள் பயிற்சி அவருக்கு 15,000-க்கு மட்டுமே பெறுமானம் உள்ளதாக இருந்திருக்கிறது.

சலுகை இருக்கைகளைப் பற்றி மறைக்க வேண்டியதில்லை, விற்கவும் வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். சில கம்பெனிகள் "இதைச் சமூகப் பணிக்கான எங்கள் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டலாமா?" என்று கேட்கும். தங்கள் ஊழியர்களுக்கான பயிற்சிச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த நிதியை மற்றொருவர் வழியாகச் செலவிடவும், அவர் பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். தனி உரிமையாளர் நடத்தும் பயிற்சிக்கூடம் அதற்குள் வராது. இந்தப் பேச்சு தொடங்கினால் உடனே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கோப்புகளில் போய்விடும்.

இரண்டு விலை வைத்தால் ஓட்டை விழும். விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கம்பெனி தன் மூன்று ஊழியர்களை உங்கள் வார இறுதி வகுப்புக்கு அனுப்பி, கட்டணத்தைப் பின்னால் அவர்களுக்குத் திருப்பித் தரும். கம்பெனிப் பெயரில் பில் வேண்டுமென்று அந்த ஊழியர் கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதையே விதியாக வையுங்கள். பில் யார் பெயரில் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். நிறுவனத்தின் பெயரில் என்றால் வார இறுதி வகுப்புக்கு 12,000. வருமானச் சான்றிதழ் கேட்டு ஆளை நிறுத்திவைத்து விசாரிப்பதைவிட இது மரியாதையானது. சலுகை இருக்கைக்கும் நான் நீண்ட விசாரணை வைத்ததில்லை. இப்போது வேலையில் இல்லை என்று கையெழுத்திட்ட நான்கு வரி போதும். பொய் சொல்பவர் ஒருவர் இருக்கலாம். அவரைப் பிடிக்கச் செலவாகும் நேரம் 3,500 ரூபாய்க்கு மேல் போகும்.

இப்போது ஜி.எஸ்.டி. உங்கள் இன்றைய ஆண்டு வரவு 14,40,000. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 25,000 விலையில் ஆண்டுக்கு 48 நாள் என்றால் கம்பெனி வரவு 12 லட்சம். ஐந்து சலுகை இருக்கையோடு தனிநபர் வரவு 6,54,000. மொத்தம் பதினெட்டரை லட்சம். 54 நாளைத் தொட்டால் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். தாண்டிய பிறகு 18 சதவீத வரி கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, தனிநபர்களுக்கும் சேர்த்துத்தான். வரிக்குட்பட்ட பொருள் தயாரிக்கும் கம்பெனிக்கு இது சுமையே இல்லை. தான் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்கள் பல, பதிவு இல்லாதவரிடம் வாங்கவே தயங்கும். ஆனால் மருத்துவமனை, பள்ளி போன்றவை தங்கள் சேவைக்கு வரி வசூலிப்பதில்லை. அவர்களால் இதைத் திரும்பப் பெற முடியாது. அவர்களுக்கு உங்கள் 25,000 என்பது 29,500.

தனிநபர்களும் அப்படியே. 6,000, 2,500 என்ற விலையை மாற்றாமல் வரியை நீங்களே ஏற்றால், வகுப்புக்கு 54,500 வரவில் ஏறத்தாழ 8,300 ரூபாய் அரசுக்குப் போகும். ஐந்து சலுகை இருக்கைக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பதே 6,100 தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கணினி வாங்கும்போது கட்டிய வரியில் கொஞ்சம் திரும்ப வரும், முழுதாக ஈடாகாது. எல்லையை மூன்று, நான்கு நாளால் தாண்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒன்று 50 நாளுக்குள் நின்றுகொள்ளுங்கள், அல்லது 70 நாளை நோக்கி மனதார நடங்கள். சிறு தொழில்களுக்கான தொகுப்பு வரி முறையும் உண்டு. ஆனால் அதில் கம்பெனிக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஆடிட்டரோடு ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நான் சுட்டுக்கொண்ட இடம். ஒரு பெரிய நிறுவனம் ஆறு நாள் பயிற்சிக்கு எழுத்துமூலம் ஆர்டர் கொடுத்தது. அந்த நம்பிக்கையில் அடுத்த வகுப்பில் ஆறு சலுகை இருக்கைகளை அறிவித்து, ஆட்களையும் சேர்த்துவிட்டேன். இரண்டு நாள் பயிற்சி முடிந்தபோது ஹெச்.ஆர். அதிகாரி மாறினார், புதியவர் மீதி நான்கு நாளைத் தள்ளிவைத்தார். அந்தத் தள்ளிவைப்பு இன்னும் முடியவில்லை. முடித்த இரண்டு நாளுக்கான பணம் நான்கு மாதம் கழித்து, டி.டி.எஸ். பிடித்தம் போக வந்தது. சேர்த்த ஆறு பேரிடம் போய் "கம்பெனி பணம் தரவில்லை" என்று சொல்ல முடியுமா? சேமிப்பிலிருந்து எடுத்து முடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வங்கியில் தனியாக ஒரு கணக்கு. கம்பெனிப் பணம் உண்மையில் வந்து சேர்ந்த பிறகு, அதில் உபரியாகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அதில் போகும். பில் போட்டது கணக்கில் சேராது, ஆர்டர் வந்தது சேரவே சேராது. சென்ற காலாண்டில் அந்தக் கணக்கில் சேர்ந்த பணம்தான் வரும் காலாண்டின் சலுகை இருக்கைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். உங்கள் ஜனவரி-மார்ச் உபரி 1,38,000 என்றால் அதில் 46,000. மூன்று வகுப்புக்குத் தேவை 18,300. மீதி 27,700 அப்படியே இருக்கட்டும். ஏப்ரல்-ஜூனில் கம்பெனிகள் கூப்பிடாதபோதும் ஐந்து இருக்கைகள் ஐந்தாகவே தொடர அதுதான் உதவும். எந்த ஒரு கம்பெனியும் இந்தக் கணக்குக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருவதாக இருந்தால், அந்தக் கம்பெனி நாளை இல்லை என்று வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணம் சீக்கிரம் வர ஒரு வழி உண்டு. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே செய்துவிடலாம். செய்தால் நீங்கள் சட்டப்படி குறுந்தொழில். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்த வட்டியைக் கேட்டு யாரும் தங்கள் வாடிக்கையாளரோடு சண்டைக்குப் போக மாட்டார்கள், நானும் போனதில்லை. ஆனால் 2023 நிதிச் சட்டத்தில் வந்த மாற்றத்தால், கெடுவுக்குள் தராத தொகையைக் கம்பெனி அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. எப்போது தருகிறதோ அந்த ஆண்டில்தான் காட்ட முடியும். இது அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு உறைக்கும். பில்லின் மேலே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதம் வந்தால் உங்கள் பில்லை அவர்களே தேடுவார்கள்.

முதல் வேலையாக, காலியாக இருக்கும் அந்த இரண்டு இருக்கைகளுக்கு 2,500 என்று அடுத்த வகுப்புக்கே அறிவித்துவிடுங்கள். மூன்றாவது இருக்கையை ஜனவரிக் கடிதங்களுக்குக் கம்பெனிகள் என்ன பதில் சொல்கின்றன என்று பார்த்த பிறகு திறக்கலாம்.